நாலு நிமிஷம், ஒரு பேரு

"நீதான் எந்திரிச்சு நாலு வார்த்தை பேசணும் அண்ணே" என்று தங்கச்சி போனில் சொன்னபோது பேர் வைக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. எங்கள் பக்கம் பேர் வைக்கிற வீட்டில் யாரும் பேசுவது கிடையாது. பிள்ளையைத் தூளியில் போடுவார்கள், அத்தைக்காரி காதில் மூன்று தடவை பேரைச் சொல்லுவாள், சர்க்கரைத் தண்ணியை நாக்கில் தொட்டு வைப்பாள், அப்புறம் எல்லாரும் இலையைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள்.

தங்கச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. போன வருஷம் அவள் வீட்டுக்காரர் வழியில் ஒரு பிள்ளைக்கு இயலினி என்று பேர் வைத்தார்கள். அத்தை காதில் சொன்னது பிள்ளைக்குக் கேட்டதோ என்னவோ, பந்திக்கு வந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருத்தர் மொய்க் கவரில் யாழினி என்று எழுதியிருந்தார், இன்னொருத்தர் எழிலினி. ஒரு பெரியவர் "அதென்ன அவளினி இவளினின்னுக்கிட்டு" என்று சத்தமாகவே கேட்டுவிட்டுப் போனார். தன் பிள்ளை பேருக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று தங்கச்சிக்குப் பயம். வைத்திருக்கிற பேரும் அப்படிப்பட்டதுதான்: நன்முல்லை.

இந்தப் பேர் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சில் சொன்ன வரிசை வேறு, நடந்த வரிசை வேறு.

பிள்ளை பிறந்தது ஒரு சாயங்காலம், அனுஷ நட்சத்திரம், முதல் பாதம். பஞ்சாங்கக் கணக்கில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு பாதம், பாதத்துக்கு ஒரு எழுத்து. அனுஷத்துக்கு ந, நி, நூ, நே. முதல் பாதம் என்றால் ந. தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உண்டு. "எழுத்து மட்டும் பாத்துக்கிடுங்க, மத்ததை நீங்களே வச்சுக்கிடுங்க" என்று அவர்கள் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம். ஆயில்யத்தில் பிறந்திருந்தால் டி, டு, டே, டோ. தமிழில் ஒரு சொல்லும் ட-வில் தொடங்காது. தமிழ்ப் பேர்தான் வேண்டும் என்று நிற்கிற வீட்டில் அன்றைக்கே சண்டை வந்திருக்கும். அந்த வகையில் பிள்ளை நேரம் பார்த்துத்தான் பிறந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களுடைய மாமியார், மாப்பிள்ளையின் ஆச்சி, பேர் நல்லம்மாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் காலமானார்கள். மாப்பிள்ளையை வளர்த்தது முக்கால்வாசி அந்த ஆச்சிதான். பேரன் என்கிற சொல்லே பெயரன்தான், தாத்தன் பேரைச் சுமக்கிறவன், பேத்தியும் அப்படியே. அந்தக் கணக்குப்படி ந எழுத்துக்கு நல்லம்மாள் தயாராகவே இருந்தது. "ஸ்கூல்ல பிள்ளைங்க சிரிக்கும்" என்றாள் தங்கச்சி, என்னிடம் மட்டும். மாப்பிள்ளையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

நன்முல்லை என்கிற பேரைச் சொன்னது நான். அள்ளூர் நன்முல்லையார் சங்கப் புலவர், குறுந்தொகையில் அவருடைய பாட்டுகள் பல இருக்கின்றன. அது ஒரு புலவரின் பேர், ந-வில் தொடங்குகிறது என்கிற அளவில்தான் சொன்னேன். வேறு யோசனை எதுவும் இல்லை. நல் என்பதும் முல்லை என்பதும் சேர்ந்தால், பின்னால் ம வருவதால் ல் திரிந்து ன் ஆகும், அதுதான் நன்முல்லை என்று விளக்கம் வேறு கொடுத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாப்பிள்ளை, "அப்ப முதல் பாதி நல்-தானே மச்சான்?" என்றார். நல்லம்மாளின் நல். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

ஆக, ஆச்சிக்காக வைத்த பேர் இல்லை. வைத்த பேருக்குள் ஆச்சி இருந்தார்கள். பேர்க் காரணம் என்று குடும்பங்களில் சொல்லப்படுவதில் பாதி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் பேர் பிடித்துப்போகும், காரணம் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் தங்கச்சி அதோடு விடவில்லை. அவள் தமிழ் படித்தவள். ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "முல்லைன்னா இருத்தல்லா அண்ணே. புருஷன் சண்டைக்குப் போயிருப்பான், இவ வீட்ல இருந்து காத்துக்கிட்டே இருப்பா. முல்லைப்பூவைக் கற்புக்கு அடையாளம்னு வேற சொல்லுவாங்க. எம்பொண்ணு எதுக்குக் காத்திருக்கணும்?"

நல்ல கேள்வி. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மழுப்ப முடியாது. நான் சொன்ன பதில் இதுதான்: நாம் திணையின் பேரை வைக்கவில்லை, ஒரு ஆளின் பேரை வைக்கிறோம். அந்த ஆள் எழுதிய பாட்டுகளைப் பார். குறுந்தொகை 202-இல் ஒரு பெண் பேசுகிறாள். நெருஞ்சி பூக்கும்போது கண்ணுக்கு அழகாக இருக்கும், பின்னால் அதுவே முள்ளைக் கொடுக்கும். என் ஆளும் அப்படி ஆகிவிட்டான், என் நெஞ்சு நோகிறது என்கிறாள். பொறுத்துப் போகிறேன் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. நோகிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறாள். நெருஞ்சியை மிதித்தவர்களுக்குத்தான் அந்த உவமை முழுசாகப் புரியும். எங்கள் ஊர்ப் புஞ்சையில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவள் என் தங்கச்சி.

"சரி, வலிச்சா வலிக்குன்னு சொல்லுதவ. அது போதும்" என்றாள். அன்றைக்குப் பேர் முடிவானது.

எண் கணிதத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் சித்தப்பா ஒருத்தர் ஆங்கில எழுத்துக்கு எண் வைத்துக் கூட்டிப் பார்க்கிறவர். Nanmullai என்று எழுதிக் கூட்டினால் 29 வருகிறது, அது ஆகாது என்றார். இன்னொரு m சேர்த்து Nanmmullai என்று எழுதினால் 33, கூட்டு எண் ஆறு, அமோகம். அவரிடம் நான் வாதாடவில்லை. தங்கச்சிதான் கேட்டாள்: "சித்தப்பா, அந்த ரெண்டாவது m-ஐ வாசிக்கவா வேண்டாமா?" அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

சிரிக்கிற விஷயமாகத் தெரிந்தாலும் இதில் ஒரு கண் வைக்கவேண்டும். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஆதாருக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பின்னால் ஓட்டுநர் உரிமத்துக்கு, வாக்காளர் பட்டியலுக்கு எல்லாம் அதில் இருக்கிற எழுத்துத்தான் போகும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடவேண்டும், ஆனால் பேரை அன்றைக்கே கொடுக்கவேண்டும் என்பதில்லை. பேர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். ஆஸ்பத்திரியில் படிவத்தோடு வந்து நின்றவர் அவசரப்படுத்தியபோது மாப்பிள்ளை பேர்க் கட்டத்தை வெறுமனே விட்டார். அது எவ்வளவு நல்ல காரியம் என்று சித்தப்பாவின் கூட்டல் முடிந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு m-தான் என்று முடிவுசெய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். யார் போய் எழுதிக்கொடுத்தாலும் அதைப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

இனி பேச்சுக்கு வருகிறேன்.

முதலில் எழுதியதைக் கைப்பேசியில் நேரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். பதினொரு நிமிஷம். பிள்ளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கப் பால் கொடுக்கவேண்டும். கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, தூங்குவதற்கு முன்னால் முழித்துக்கொண்டு கிடக்கிற நேரம் அரை மணி. அதற்குள் தூளி, காப்பு, காதில் சொல்வது எல்லாம் முடியவேண்டும். எனக்கு மிஞ்சுவது நாலு நிமிஷம்.

வெட்ட உட்கார்ந்தேன். முதலில் போனது, நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய பேர்களின் பட்டியல். சுவாரசியமாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு, "இதுல ஒரு பேரை உங்க பெரியம்மாலா சொன்னா? அவளும் பந்தியில இருப்பாளேடே" என்றாள். தள்ளிய பேர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆசையாகச் சொன்ன ஒரு ஆள் இருக்கிறார், அவர் சாப்பிட வந்திருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்தது நட்சத்திரம். அதை ஒரே வரியாக்கினேன். நம்புகிறவர்களுக்கு அது போதும், நம்பாதவர்களுக்கு அது கூடுதல் இல்லை.

குறுந்தொகை 157-ஐயும் எடுத்தேன். விடியக்காலையில் கோழி கூவுகிறது, தன் ஆளைப் பிரிக்கிற வாள் மாதிரி விடியல் வந்துவிட்டதே என்று ஒரு பெண்ணின் நெஞ்சு திடுக்கிடுகிறது. நன்முல்லையார் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் பதினாறு நாள் பிள்ளையைத் தூளியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டு ஆட்கள் முன்னால், தலைவன் தலைவி விடியல் என்று ஆரம்பித்தால் என் அம்மாவே என்னை உட்காரச் சொல்லிவிடுவாள். நெருஞ்சிப் பாட்டு பரவாயில்லை. அதில் வருத்தம்தான் முன்னால் நிற்கிறது.

மனசில்லாமல் வெட்டியது முல்லைப்பாட்டு. அதன் தொடக்கத்தில் மழைக்காலத்துச் சாயங்காலம், வயசான பெண்கள் நாழி நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தூவிக் கும்பிட்டு, விரிச்சி கேட்டு நிற்பார்கள். யாரோ யாரிடமோ தற்செயலாகப் பேசுகிற சொல் காதில் விழவேண்டும், அது நல்ல சொல்லாக இருந்தால் காரியம் நல்லபடி முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது பசியில் சுற்றிச் சுற்றி வருகிற கன்றுக்குட்டியிடம், உங்க அம்மாக்கள் இப்ப வந்துருவாங்க என்று ஒரு இடைச்சிப் பெண் சொல்லுவது அவர்கள் காதில் விழுகிறது. நெல்லும் முல்லையும் எங்கள் தாம்பாளத்திலும் இருக்கப்போகின்றன, பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க ரெண்டு நிமிஷம் ஆகும். போகட்டும் என்று விட்டேன்.

கடைசியாக மாற்றியது பேர் வருகிற இடம். முதல் வரைவில் பேரைக் கடைசியில் ஒளித்து வைத்திருந்தேன், ஏதோ துப்பறியும் கதை மாதிரி. பேர் தெரியாமல் காரணத்தைக் கேட்டால் கேட்கிறவர் மனசில் எதுவும் ஒட்டாது. புலவர் கதையைச் சொல்லும்போது அவர் "அப்ப ஔவையாரா?" என்று யோசித்துக்கொண்டிருப்பார். பேரை மேலே தூக்கிப் போட்டேன். அதற்கு முன்னால் பிள்ளை காதில் அத்தை சொல்லியிருக்கவேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். யார் பேரோ அவளுக்குத் தெரிந்தபிறகுதான் மற்றவர்களுக்கு.

பேசியது இதுதான். தங்கச்சி எடுத்த வீடியோவைப் பார்த்து, நான் திக்கிய இடங்களை மட்டும் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையோட அத்தை இப்பத்தான் அவ காதுல மூணு தடவை சொன்னாங்க. அவகிட்ட சொல்லியாச்சு, இனி உங்ககிட்ட சொல்லலாம். எங்க பிள்ளைக்குப் பேரு நன்முல்லை. நல்ல முல்லைங்கிறதுதான் சேர்ந்து நன்முல்லை ஆகுது. முழுசா வரலைன்னா முல்லைன்னு கூப்பிடுங்க, நாங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடப்போறோம்.

"இது புதுசாச் செஞ்ச பேரு இல்ல. சங்க காலத்துல அள்ளூர்னு ஒரு ஊரு, பாண்டிய ராசாவோட ஊரு, நெல்லு குவிஞ்சு கிடக்கும்னு அகநானூத்துல ஒரு பாட்டு சொல்லுது. அந்தப் பாட்டை எழுதினவங்க பேரு நன்முல்லை. அள்ளூர் நன்முல்லையார். இன்னைக்கும் அவங்களுக்கு இனிசியல் அந்த ஊருதான். அவங்க பாட்டுல ஒரு பொண்ணு, நெருஞ்சி பூவாத்தான் இருந்துச்சு, இப்ப முள்ளாக் குத்துதுன்னு தன் வீட்டுக்காரரைப் பத்தி நேராச் சொல்லுதா. நம்ம பிள்ளையும் மனசுல பட்டதை நேராச் சொல்லணும்னு அவ அம்மாவுக்கு ஆசை. மாப்பிள்ளை, இப்பமே தயாராயிருங்க.

"அனுஷ நட்சத்திரத்துக்கு ந எழுத்து. அதுவும் பொருந்தி வந்திருக்கு.

"இன்னொண்ணு. மாப்பிள்ளையோட ஆச்சி நல்லம்மாள். இங்க பாதிப் பேரு அவங்க கையால சாப்பிட்டிருப்பிய. இந்தப் பேருல முதல்ல இருக்கிறது அவங்க நல்-தான். உண்மையைச் சொல்லணும்னா, நாங்க அதைத் தேடி வைக்கல. பேரை வச்சுட்டுப் பாத்தா அவங்க முன்னாலேயே வந்து உக்காந்திருந்தாங்க.

"நன்முல்லையார்னு ஆர் போட்டு நாங்க வைக்கல. அதை அவ பின்னால நம்மகிட்ட இருந்து வாங்கிக்கிடட்டும். இப்ப எல்லாரும் ஒருக்க அவ பேரைச் சொல்லுங்க. மெதுவா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

எல்லாரும் சொன்னார்கள். முப்பது, நாற்பது பேர் ஒரே குரலில் சொல்லவும் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. அந்தக் கடைசி வரியைத் திரும்ப எழுத வாய்ப்புக் கிடைத்தால் எடுத்துவிடுவேன். மெதுவா என்று சொன்னால் நம் ஆட்கள் மெதுவாகச் சொல்லுவார்கள் என்று நான் எப்படி நம்பினேனோ.

நல்லம்மாள் பேர் வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நாங்கள் முன்னாலேயே சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் ஒரு யோசனை இருக்கிறது. சபையில் வைத்து அழவைத்துவிட்டோமே என்று தங்கச்சி ராத்திரி போய்க் கேட்டிருக்கிறாள். "நீ தேடி வச்சிருந்தாக்கூட இப்படி இருந்திருக்காதும்மா" என்றார்களாம். தேடி வைக்கவில்லை என்ற வரியையும் வெட்டிவிடலாமா என்று முந்தின நாள்வரை குழம்பிக்கொண்டிருந்தேன். வைத்ததுதான் நல்லது.

பேரை அப்பாக்காரர் பச்சரிசியில் மோதிரத்தால் எழுதவேண்டும் என்று ஒரு முறை. அரிசிக்குப் பதிலாக நெல் வைத்தோம், அள்ளூருக்காக. நெல்லில் எழுத்து நிற்கவில்லை. நன் வரைக்கும் வந்தது, மு-வின் வளைவு சரிந்து மூடிக்கொண்டது. மாப்பிள்ளை மூன்று தடவை முயற்சி செய்தார். இதைப் படித்துவிட்டு யாராவது நெல் வைக்க நினைத்தால், மேலே ஒரு கை அரிசியைப் பரப்பிக்கொள்ளுங்கள்.

பந்தி முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம். அம்மாவின் சித்தி ஒருத்தர், எண்பது தாண்டியவர், காது சுத்தமாகக் கேட்காது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தில் கிடந்த முல்லைச் சரத்தை யாரோ எடுத்து அவர் மடியில் போட்டிருந்தார்கள். என்னைக் கையைப் பிடித்து இழுத்து, "ஏய்யா, பேரு என்னன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நன்முல்லை" என்று கத்தினேன். உள்ளே தங்கச்சி பால் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

கிழவி மடியில் கிடந்த சரத்தைப் பார்த்தார். நான் பூவைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நல்ல முல்லைதாம்ய்யா. நேத்துப் பறிச்சது கூட இல்ல, இன்னைக்குள்ளது. இனிமேத்தான் விரியும்."